காயத்தால் ஓட முடியவில்லை: பந்தயப் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றக் கேட்டு மின்னஞ்சல் எழுத முழுமையான வழிகாட்டி

நான்கு ஆண்டுகளாக எங்கள் ஊர் அரை மாரத்தானுக்கு வரும் மின்னஞ்சல்களைப் படித்துப் பதில் அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் காயம்பட்ட ஓட்டக்காரர்களின் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். எல்லாருடைய வலியும் உண்மையானது. ஆனாலும் சிலருக்கு அன்றைக்கே "சரி" என்று பதில் போய்விடுகிறது. சிலருடைய கடிதத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. ஒதுக்கிவைத்த கடிதங்களில் பாதி, காலம் கடந்த பிறகுதான் மறுபடி கண்ணில் படுகின்றன.

சிறிய, நடுத்தரப் பந்தயங்களில் இயக்குநருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறது, நேரம்தான் இல்லை. வேறு எதையும் தேடாமல், யாரையும் கேட்காமல், ஒரே வாசிப்பில் அவர் சம்மதம் சொல்லும்படி கடிதம் அமைய வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

## 1. முதலில் விதிமுறையைப் படியுங்கள்

பதிவு செய்தபோது படிக்காமல் டிக் போட்ட விதிமுறைப் பக்கத்தை இப்போது திறந்து பாருங்கள். பணம் திரும்பத் தருவது, வேறொருவருக்கு மாற்றுவது, அடுத்த ஆண்டுக்கு மாற்றுவது ஆகிய மூன்றையும் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இவை மூன்றும் ஒன்றல்ல. "பணம் திரும்பத் தரப்படாது" என்ற வரியைப் படித்துவிட்டு எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டுக்கு மாற்றுவதைப் பற்றி அந்த வரி ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய பந்தயங்களில் கடிதத்துக்கு வேலையே இருக்காது. நியூயார்க் மாரத்தானில் குறிப்பிட்ட நாளுக்குள் உங்கள் கணக்கில் நுழைந்து நீங்களே ரத்து செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த ஆண்டு இடம் கிடைக்கும். கட்டணத்தை மட்டும் மறுபடி செலுத்த வேண்டும். பாஸ்டன் மாரத்தான் காயத்துக்காகப் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவதில்லை. கர்ப்பத்துக்கும் மகப்பேற்றுக்கும் மட்டும் 2023 முதல் அந்த வசதி இருக்கிறது. இத்தகைய இடங்களில் எவ்வளவு பணிவாக எழுதினாலும் விதியைச் சுட்டும் பதில்தான் வரும்.

விதிமுறை இந்த விஷயத்தில் மௌனமாக இருந்தாலோ, "இயக்குநரின் முடிவே இறுதியானது" என்று இருந்தாலோதான் இந்த மின்னஞ்சலுக்கு இடம் உண்டு. "எக்காரணம் கொண்டும் மாற்ற இயலாது" என்று தெளிவாக எழுதியிருந்தாலும் ஒருமுறை கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த விதியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விதியின் நகலே பதிலாக வரும்.

## 2. எப்போது அனுப்ப வேண்டும்

ஓட முடியாது என்று மருத்துவர் சொன்ன இரண்டு மூன்று நாட்களுக்குள் அனுப்புங்கள். "இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம், சரியாகிவிடலாம்" என்று காத்திருப்பதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. அந்த நப்பாசை எனக்கும் தெரியும். வீங்கிய கணுக்காலை வைத்துக்கொண்டு நானும் ஒரு முறை பத்து நாள் காத்திருந்திருக்கிறேன்.

நீங்கள் காத்திருக்கும் நாட்களில் ஏற்பாட்டாளரின் பணம் உங்கள் பெயரில் செலவாகிக்கொண்டிருக்கிறது. முதலில் டி-ஷர்ட் அளவுவாரியாக ஆர்டர் போகும். அதோடு பதக்கங்களின் எண்ணிக்கை முடிவாகும். பிறகு ஓடும்போது சட்டையில் குத்திக்கொள்ளும் பிப் எண்கள் ஒதுக்கப்பட்டு அச்சுக்குப் போகும். டைமிங் சிப்புகள் அந்த எண்களோடு இணைக்கப்படும். எங்கள் பந்தயத்தில் டி-ஷர்ட் ஆர்டர் ஆறு வாரத்துக்கு முன்பும், பிப் பட்டியல் மூன்று வாரத்துக்கு முன்பும் போகின்றன. பிப் பட்டியலுக்கு முன்னால் வரும் கடிதம் என்றால் அந்த இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம், யாருக்கும் நட்டமில்லை. அதற்குப் பின் வரும் கடிதத்துக்குச் சம்மதிப்பது என்றால் ஒரே கட்டணத்தில் இரண்டு ஆண்டுச் செலவை ஏற்பது என்று பொருள்.

பந்தய வாரத்தில்தான் காயம் பட்டது என்றாலும் எழுதுங்கள், ஆனால் நான்கே வரியில். அந்த வாரம் இயக்குநர் சாலை அனுமதி, ஆம்புலன்ஸ், தண்ணீர் மேசைகள் என்று அலைந்துகொண்டிருப்பார். பதிலைப் பந்தயம் முடிந்த பிறகு எதிர்பார்ப்பதாக நீங்களே எழுதிவிட்டால் அவருக்குப் பெரிய ஆறுதல்.

## 3. கையில் இருக்க வேண்டியவை

பதிவு எண், ஓட்டப் பிரிவு, பதிவு செய்தபோது கொடுத்த பெயர், பதிவுக்குப் பயன்படுத்திய மின்னஞ்சல் முகவரி, கைபேசி எண். பிப் எண் வந்திருந்தால் அதுவும்.

பெயர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பதிவில் முன்னெழுத்தைப் பின்னால் போட்டிருப்பார்கள், மின்னஞ்சலில் முன்னால் இருக்கும். அல்லது அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதியிருப்பார்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் பட்டியலில் யாருடைய இடத்தை நீக்குவது என்று தெரியாமல் நான் விழித்த நாட்கள் உண்டு. தவறான ஆளை நீக்கிவிட்டால் பந்தயக் காலையில் ஒருவர் பிப் இல்லாமல் நிற்பார். ஆகவே பதிவு உறுதி மின்னஞ்சலில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

ஓட்டக் குழு மூலம் மொத்தமாகப் பதிவு செய்திருந்தால் குழுத் தலைவரின் மின்னஞ்சல்தான் பட்டியலில் இருக்கும். உங்கள் முகவரியைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதை ஒரு வரியில் சொல்லி, தலைவருக்கும் கடிதத்தின் நகல் போகும்படி அனுப்புங்கள்.

மருத்துவச் சான்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். உங்கள் பெயர், காயத்தின் பெயர், எத்தனை வாரம் ஓடக்கூடாது என்ற குறிப்பு, தேதி, மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும் கொண்ட அரைப் பக்கம் போதும். எலும்பின் நுண்முறிவு முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அதனால் "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்ற அறிக்கையை இணைத்து அனுப்பி, தங்கள் கோரிக்கையைத் தாங்களே பலவீனப்படுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் படங்கள் எதுவும் வேண்டாம். இயக்குநர் மருத்துவர் அல்ல. உங்கள் உடலின் உட்புறம் ஓர் அலுவலக மின்னஞ்சல் பெட்டியில் கிடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

## 4. ஒரே ஒரு கோரிக்கையை முடிவு செய்யுங்கள்

"அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா, இல்லாவிட்டால் பணமாவது தர முடியுமா, அல்லது என் தம்பி ஓடலாமா" என்று ஒரே கடிதத்தில் கேட்பவர்கள் அதிகம். மூன்றுக்கும் மூன்று பேரிடம் பதில் வாங்க வேண்டும். பணம் திரும்பத் தருவது பதிவுத் தளமும் கட்டண நிறுவனமும் சம்பந்தப்பட்டது. பல நேரம் இயக்குநர் கையில் இல்லை. பெயர் மாற்றம் என்றால் வயதுப் பிரிவு, டி-ஷர்ட் அளவு, அவசரத் தொடர்பு எண் எல்லாம் மாற வேண்டும். அடுத்த ஆண்டுக்கு மாற்றுவதுதான் இருப்பதில் எளிது: இந்த ஆண்டுப் பட்டியலில் ஒரு பெயரை அடித்து, அடுத்த ஆண்டுக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதை மட்டும் கேளுங்கள்.

உங்கள் பிப்பை நண்பர் அணிந்து ஓடுவது என்ற யோசனையை எழுதவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம். வழியில் அவர் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு உங்கள் வீட்டுக்குத்தான் தொலைபேசியில் பேசும். பதிவில் உள்ள உங்கள் விவரங்களை அவருடையவை என்று எண்ணிக்கொள்ளும்.

## 5. தலைப்பு வரி

"உதவி தேவை", "அவசரம்", "ஒரு வேண்டுகோள்" ஆகிய மூன்றையும் தவிருங்கள். அந்த மாதம் வரும் எல்லாக் கடிதங்களுக்கும் இதே தலைப்புதான். கோரிக்கையும் பதிவு எண்ணும் தலைப்பிலேயே இருக்கட்டும்:

"அடுத்த ஆண்டுக்குப் பதிவை மாற்றக் கோரிக்கை – பதிவு எண் 0847 – 21.1 கி.மீ."

பிற்பாடு பட்டியலைச் சரிபார்க்கும்போது கடிதத்தைத் திறக்காமலே உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்கலாம். அடுத்த ஆண்டு நீங்களே இந்தக் கடிதத்தைத் தேடும்போதும் இந்தத் தலைப்புதான் கைகொடுக்கும்.

## 6. கடிதத்தின் உடல்: வரிசைதான் முக்கியம்

எங்களுக்கு வந்த ஒரு கடிதத்தை, எழுதியவரின் அடையாளம் தெரியாதபடி, எடுத்துக்கொள்கிறேன். அவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஜனவரி 10 ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அரை மாரத்தானுக்குப் பதிவு செய்திருந்தார். நவம்பர் 21 அன்று கீழ்க்கால் எலும்பில் நுண்முறிவு என்று தெரிந்தது. எட்டு வாரம் ஓடக்கூடாது என்றார் மருத்துவர். கணக்குப் பார்த்தால் தடை ஜனவரி 16 வரை நீள்கிறது. பந்தயம் அதற்குள் வந்துவிடுகிறது.

அவருடைய கடிதம் இப்படித் தொடங்கியது: "வணக்கம். எனக்கு ஓட்டம் என்றால் சிறு வயதிலிருந்தே உயிர். இந்தப் பந்தயத்துக்காகக் கடந்த நான்கு மாதங்களாகக் காலை நான்கரை மணிக்கு எழுந்து..." இரண்டு பத்திகள் பயிற்சி. மூன்றாவது பத்தியில் வலி, ஒத்தடம், இரண்டு மருத்துவர்களின் மாறுபட்ட கருத்து. கடைசி வரி: "ஆகவே தாங்கள் மனது வைத்து ஏதாவது செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனால் "ஏதாவது" என்றால் எது? பதிவு எண் எங்கே? பந்தய நாளில் அவரால் ஓடவே முடியாதா, மெதுவாக நடந்து முடிக்க விரும்புகிறாரா? இவற்றைக் கேட்டு நான் பதில் எழுத, அவர் மூன்று நாள் கழித்துப் பதில் தர, பிப் பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது.

அவர் சொன்ன விஷயங்களையே வேறு வரிசையில் வைத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

முதல் வரியில் கோரிக்கை. யார், எந்தப் பிரிவு, என்ன கேட்கிறீர்கள். மரியாதைக்காகக் கோரிக்கையைக் கடைசிக்குத் தள்ளுவது நமக்குப் பள்ளி விடுப்புக் கடிதத்திலேயே படிந்த பழக்கம். இங்கே படிப்பவரின் நேரத்தை மதித்து முதலில் சொல்வதுதான் மரியாதை.

அடுத்து காரணம், இரண்டே வரியில். காயத்தின் பெயர், கண்டறிந்த தேதி, எத்தனை வாரத் தடை. பந்தய நாள் அந்தத் தடைக்குள் விழுகிறது என்பதை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். கடிதத்தில் வேறெதையும்விட அதிகமாக நம்ப வைப்பது இந்த வரிதான்.

மூன்றாவதாக, அவருடைய சுமையை நீங்கள் அறிவீர்கள் என்பது. விதியைப் படித்தது, இந்த ஆண்டு டி-ஷர்ட்டோ பதக்கமோ எதிர்பார்க்காதது, அடுத்த ஆண்டுக் கட்டணம் கூடினால் வித்தியாசத்தைச் செலுத்தத் தயார் என்பது, இடத்தை இப்போதே காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது. மனதாரச் சொல்லக்கூடியவற்றை மட்டும் எழுதுங்கள்.

கடைசியில், மறுக்கவும் இடம் கொடுங்கள். "இயலாவிட்டாலும் புரிந்துகொள்கிறேன்" என்ற ஒரு வரி கோரிக்கையைப் பலவீனப்படுத்தாது. மறுத்தால் சண்டை வருமோ என்ற தயக்கம் இல்லாதபோதுதான் இயக்குநர் பதிலைத் தள்ளிப்போடாமல் எழுதுகிறார்.

பணிவின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து" என்ற அளவுக்கு எழுதியவர்களும் உண்டு. படிக்கிறவருக்கு அது கூச்சத்தைத்தான் தரும். "நான் பணம் கட்டியிருக்கிறேன், தரவேண்டியது உங்கள் கடமை" என்று எழுதியவர்களும் உண்டு. அதற்கு விதிமுறைதான் பதில். "தாங்கள்" என்றோ "நீங்கள்" என்றோ ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். இயக்குநர் ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் "ஐயா" போட வேண்டாம். "பந்தய இயக்குநர் அவர்களுக்கு" போதும். மொழியைப் பொறுத்தவரை, ஏற்பாட்டாளர் உங்களுக்கு எந்த மொழியில் அறிவிப்புகள் அனுப்புகிறாரோ அதே மொழியில் எழுதுங்கள், வரிசை மாறாது.

## 7. முழு மின்னஞ்சல்

ஆசிரியையின் விவரங்களை வைத்தே, வந்திருக்க வேண்டிய கடிதம்:

> தலைப்பு: அடுத்த ஆண்டுக்குப் பதிவை மாற்றக் கோரிக்கை – பதிவு எண் 0847 – 21.1 கி.மீ.
>
> மதிப்பிற்குரிய பந்தய இயக்குநர் அவர்களுக்கு,
>
> வணக்கம். ஜனவரி 10 அன்று நடைபெறும் அரை மாரத்தானுக்குப் பதிவு செய்திருக்கிறேன். காயம் காரணமாக என்னால் ஓட இயலாததால், என் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டு எழுதுகிறேன்.
>
> நவம்பர் 21 அன்று என் இடது கீழ்க்கால் எலும்பில் நுண்முறிவு இருப்பது கண்டறியப்பட்டது. எட்டு வாரங்கள், அதாவது ஜனவரி 16 வரை, ஓடக்கூடாது என்று மருத்துவர் கூறியிருக்கிறார். சான்றிதழை இணைத்துள்ளேன்.
>
> பணம் திரும்பத் தரப்படாது என்ற விதியைப் படித்தேன், பணத்தைக் கேட்கவில்லை. இந்த ஆண்டுக்கான டி-ஷர்ட்டும் பதக்கமும் எனக்கு வேண்டாம். அடுத்த ஆண்டு கட்டணம் கூடினால் வித்தியாசத்தைச் செலுத்துகிறேன். தாங்கள் சம்மதித்தால் என் இடத்தை இப்போதே காத்திருப்பவர் ஒருவருக்கு வழங்கிவிடலாம்.
>
> இது இயலாவிட்டாலும் புரிந்துகொள்கிறேன். பந்தயம் நல்லபடியாக நடக்க வாழ்த்துகள்.
>
> நன்றியுடன்,
> (பதிவில் உள்ளபடி பெயர்)
> பதிவு எண் 0847, 21.1 கி.மீ.
> பதிவு செய்த மின்னஞ்சல், கைபேசி எண்

பயிற்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று வருத்தமாக இருந்தால், "நான்கு மாதங்களாகத் தயாராகி வந்தேன்" என்று இரண்டாம் பத்தியின் முடிவில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

## 8. அனுப்பும் இடமும் அனுப்பிய பின்னும்

விதிமுறைப் பக்கத்திலோ பதிவு உறுதி மின்னஞ்சலிலோ உள்ள அதிகாரப்பூர்வ முகவரிக்கு, பதிவு செய்த அதே மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். பதிவுத் தளத்தின் தானியங்கி முகவரிக்குப் பதில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்கவே கேட்காதீர்கள். தனிக் கடிதத்துக்குச் சம்மதிக்கும் இயக்குநர் இருநூறு பேர் பார்க்கும் இடத்தில் சம்மதிக்க மாட்டார். அங்கே சொல்லும் ஒரு "சரி" அன்று மாலைக்குள் இருபது கோரிக்கைகளாகத் திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியும். இடம் மாற்றித் தந்த பிறகும் அதைக் குழுவில் அறிவிக்க வேண்டாம்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால், புதுக் கடிதம் எழுதாமல் அதே கடிதத்தின் தொடர்ச்சியாக இரண்டு வரி அனுப்புங்கள்: "நவம்பர் 23 அன்று அனுப்பிய கோரிக்கையைப் பற்றி நினைவூட்டுகிறேன். பிப் பட்டியல் அச்சுக்குப் போகும் முன் தெரிவித்தால் என் இடம் வேறொருவருக்குப் பயன்படும்." இரண்டாவது நினைவூட்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சம்மதம் வந்தால் நன்றி சொல்வதோடு மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: அடுத்த ஆண்டுப் பதிவு தானாக நடக்குமா அல்லது குறியீடு தருவார்களா, அதே தூரத்துக்கு மட்டும்தானா, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும். ஓராண்டில் பதிவுத் தளம் மாறலாம். என்னைப் போன்ற தன்னார்வலரும் மாறலாம். புதிதாக வருபவரிடம் பழைய வாக்குறுதிக்கு இந்தக் கடிதம் ஒன்றுதான் ஆதாரம். அடுத்த ஆண்டுப் பதிவு தொடங்கிய வாரமே இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் பந்தயத்தில் மாற்றித் தந்த இடங்கள் வீணாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்: பதிவு முடிந்த பிறகு நினைவு வந்து எழுதுகிறார்கள்.

மறுப்பு வந்தால் ஒரே ஒரு வரி: "பதிலுக்கு நன்றி, என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்." வாதம் செய்ய வேண்டாம், "போன ஆண்டு இன்னாருக்குத் தந்தீர்களே" என்றும் எழுத வேண்டாம். அந்த இன்னார் பிப் பட்டியலுக்கு முன்பே எழுதியிருப்பார்.

கால் அனுமதித்தால், பிப் வழங்கும் மேசையில் உட்கார்ந்து உதவ வருவதாகச் சொல்லலாம். ஆனால் அதைக் கோரிக்கைக் கடிதத்தில் பேரமாக வைக்காமல், பதில் எதுவாக இருந்தாலும் அது வந்த பிறகு தனியாக எழுதுங்கள். அந்த ஆசிரியை அப்படித்தான் எழுதினார். எங்களால் அந்த ஆண்டு அவருடைய பதிவை மாற்றித் தர முடியவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, பந்தயத்துக்கு முந்தைய நாள் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை 21.1 கி.மீ. மேசையில் உட்கார்ந்து எண்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.